உப்பு தெரியாமல் போன நாக்கு

காவாலத்துப் படகுத்துறையில் இறங்கி இடது பக்கம் வரப்போரமாகவே நடந்தால் சத்யசீலனின் கள்ளுக்கடை வரும். அந்தக் கடைக்கு ஆட்கள் கள்ளுக்காக வந்ததைவிட பிரிஜித்தா வைக்கும் மீன்கறிக்காக வந்ததுதான் அதிகம். சங்கனாசேரியிலிருந்து கார் பிடித்து வந்து, கள்ளைத் தொடாமல் கப்பைக் கிழங்கும் வரால் கறியும் தின்றுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. சத்யசீலனே அதை ஒளிக்காமல் சொல்வார். "கள்ளு எந்தக் கடையிலயும் கிடைக்கும். சேச்சியோட கறி இங்க மட்டும்தான்."

பிரிஜித்தா அளந்து சமைக்கிறவள் அல்ல. குடம்புளியும் மிளகாயும் கொதித்து மேலே எண்ணெய் மிதக்கிற நேரத்தில், அகப்பையிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணம் நிற்பாள். பிறகு ஒரு சிட்டிகை உப்பு போடுவாள், அல்லது போடாமல் நகர்ந்துவிடுவாள். முப்பது வருஷமாக அவளுக்கு நாக்குதான் தராசு.

அவள் கணவன் லோனப்பன் அரசுப் படகை ஓட்டும் ஸ்ராங்காக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் பேசுவார், நிறையச் சிரிப்பார். ஓய்வு பெற்ற மறு வருஷமே நெஞ்சு சரியில்லை என்று ஆகிவிட்டது. இதயம் பலவீனமாக இருக்கிறது, மாத்திரையை விடாதீர்கள், உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிரிஜித்தா அன்றிலிருந்து வீட்டுக்குத் தனியாகச் சமைத்தாள். கடைக் கறியில் ஒரு துளிகூட அவர் இலைக்கு வராது. "என் மனுசா, உனக்குன்னு அரை உப்புல வைக்கிறேன், மூஞ்சியச் சுளிக்காம தின்னு" என்பாள். அவர் மூஞ்சியைச் சுளித்துக் காட்டிவிட்டுத் தின்பார்.

எல்லாம் ஒரு கடைவாய்ப் பல்லில் ஆரம்பித்தது. ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, ஒரு பக்கமாகவே மென்று கொண்டிருந்தவளை மகன் டோமி எர்ணாகுளத்திலிருந்து வந்தபோது பிடித்து இழுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனான். அந்தப் பெண் டாக்டர் பல்லைப் பிடுங்கினாள். மற்ற பற்களின் காரையைச் சுரண்டி எடுத்தாள். இளஞ்சிவப்பாக ஒரு வாய் கழுவும் மருந்து எழுதிக் கொடுத்தாள்.

"அம்மச்சி, இந்த மூடியில இந்தக் கோடு வரைக்கும் ஊத்துங்க. அதே அளவு தண்ணி சேருங்க. அரை நிமிஷம் வாயில வெச்சுக் கொப்பளிச்சுத் துப்பிடுங்க. முழுங்கக் கூடாது. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பல் தேய்ச்ச உடனே வேண்டாம், கொஞ்ச நேரம் விட்டுச் செய்யுங்க, இல்லேன்னா பேஸ்டு மருந்தைக் கெடுத்துரும். கொப்பளிச்சதுக்கு அப்புறமும் அரை மணி எதுவும் தின்னாதீங்க. பத்து நாள். அதோட நிறுத்திடுங்க."

பிரிஜித்தா அப்படியே செய்தாள். ஈறு ஆறியது. பாட்டில் முக்கால் மீதி இருக்கும்போதே நிறுத்தி, ஜன்னல் மாடத்தில் வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் டோமியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். தேவாலயத்திலிருந்து திரும்பி வீட்டில் உட்கார்ந்திருந்தபோது பிரிஜித்தா குழந்தையை வாங்கிக் கன்னத்தோடு கன்னம் வைத்து ஏதோ முணுமுணுத்தாள். மருமகள் ஷைனி குனிந்து குழந்தையைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டாள். "அம்மச்சி, அவ மூஞ்சிகிட்ட மூச்சு விடாதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பக்கத்தில் சம்பந்தியம்மாள் இருந்தாள், இன்னும் ரெண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் சும்மா இருந்ததுதான் பிரிஜித்தாவுக்குத் தாங்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் மாடத்துப் பாட்டிலை எடுத்தாள்.

தன் வாய் நாறுகிறது என்று ஒருத்திக்குத் தோன்றிவிட்டால் அதை யாரிடம் கேட்பது? கணவனிடம் கேட்டால் சிரிப்பார். கடையில் கேட்டால் ஊரெல்லாம் சிரிக்கும். அவள் யாரிடமும் கேட்கவில்லை. காலையிலும் ராத்திரியிலும் கொப்பளித்தாள். பிறகு கடைக்குக் கிளம்பும் முன்னும் ஒரு தடவை. தண்ணீர் கலந்தால் பலம் போய்விடும் என்று தோன்றியது, கலக்காமலே ஊற்றிக்கொண்டாள். நாற்றம் தொண்டைக்குள்ளிருந்து வருகிறதோ என்ற சந்தேகத்தில் சில நாள் ஒரு வாய் விழுங்கியும் பார்த்தாள். வயிறு காந்தியது, குமட்டியது. விழுங்குவதை மட்டும் விட்டாள். கொப்பளிப்பதை விடவில்லை.

பாட்டில் தீர்ந்ததும் காலிப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவர் பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இது ரொம்ப நாளுக்கு உள்ளது இல்லையே சேச்சி. டாக்டர் மறுபடி எழுதினாங்களா?"

"எனக்கில்ல. வீட்டுக்காரருக்கு. இப்பத்தான் பல்லு புடுங்கியிருக்கு."

அடுத்த முறை அவள் வேறு கடைக்குப் போனாள். அதற்கடுத்த முறை படகேறிப் புளிங்குன்னுக்குப் போனாள்.

சில மாதம் போனதும் பல்லின் ஓரங்களில் பழுப்பு படர ஆரம்பித்தது. நாக்கின் நடுவிலும் காப்பிப்பொடி தூவினது போல ஒரு நிறம். பிரிஜித்தா நாளெல்லாம் பாலில்லாத கட்டன் சாயா குடிக்கிறவள். அந்தச் சாயாக் கறையை அந்த மருந்துதான் பல்லோடு ஒட்ட வைக்கிறது என்று அவளுக்கு யார் சொல்வார்கள்? கண்ணாடியில் பார்த்து, வாய் அழுகுகிறது என்றே நினைத்தாள். அதனால் இன்னும் அதிகமாகக் கொப்பளித்தாள். பேசும்போது முந்தானையை வாயருகில் பிடித்துக்கொண்டாள். லோனப்பன் மட்டும் ஒரு தடவை கேட்டார், "என்னடி, புதுப் பொண்ணு மாதிரி வாயப் பொத்திக்கிட்டுப் பேசுற?"

"போ மனுசா, வேலையப் பாரு" என்றாள்.

கடையில் முதலில் சொன்னது காயலில் கக்காச் சிப்பி வாரும் பப்பு. ஒரு வாய் கப்பையைக் கறியில் தோய்த்து வாயில் போட்டவன், கொஞ்ச நேரம் மெல்லாமல் உட்கார்ந்திருந்தான். "சேச்சி, இந்த வரால் நம்ம காயல்ல புடிச்சதா, இல்ல கருவாடா நீந்தி வந்துச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். பிரிஜித்தாவும் சிரித்தாள். உள்ளே போய் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினாள். ஒன்றுமே இல்லை. கொஞ்சம் கசப்பு மாதிரி ஏதோ, மற்றபடி சப்பென்று இருந்தது. பப்பு குடித்துவிட்டு உளறுகிறான் என்று நினைத்து ஒரு சிட்டிகை போட்டுவிட்டு வந்தாள்.

அடுத்தடுத்து சொல்ல ஆரம்பித்தார்கள். தாறாவு வாத்துக் கறியில் உப்பு. கரிமீன் பொரியலில் உப்பு. ஒருவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். சத்யசீலன் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"சேச்சி, உங்களுக்கு என்ன ஆச்சு? வீட்டுல ஏதும் பிரச்சனையா?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. உங்க ஆளுங்க நாக்குக்குத்தான் என்னமோ ஆயிருக்கு."

"எல்லார் நாக்குக்கும் ஒரே நேரத்துலயா சேச்சி?"

பிரிஜித்தாவுக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். இவர் சொந்தக்காரப் பெண் ஒருத்தியை உள்ளே கொண்டுவரப் பார்க்கிறார், அதற்காகத்தான் இந்த உப்புப் பேச்சு. அதைச் சத்தமாகவே சொன்னாள். சத்யசீலன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். மாதம் முடிவதற்குள் முஹம்மா ஊரிலிருந்து ஒரு பெண் சமைக்க வந்தாள். பிரிஜித்தா தன் அகப்பையையும் சட்டியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அன்று லோனப்பன் முற்றத்தில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். அவள் சட்டியோடு வருவதைப் பார்த்ததும் எழுந்து வந்து சட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

"நான் வைக்கிற கறி உப்பாம்" என்றாள். "நீ சொல்லு. நீயும் தினம் தின்னுறியே. உப்பா இருக்கா?"

அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கிறுக்குப் பயலுக. எனக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு."

இனி வீடுதான் என்று ஆனதும் பிரிஜித்தா அவருக்காகவே சமைத்தாள். கஞ்சிக்குப் பயறு, வெள்ளரிக்காய் மோர்க்கறி, சின்ன மீன் வறுவல். தேங்காயைச் சிவக்க வறுத்து, மிளகாயும் புளியும் உப்பும் சேர்த்து இடித்துச் சம்மந்திப்பொடி செய்து ஜாடியில் நிறைத்தாள். ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துப் பார்த்து, சப்பென்று இருக்கிறதே, ஆனாலும் அவருக்கு அரை உப்புதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, இறக்கும் முன் மட்டும் ஒரு சிட்டிகை கூடப் போட்டு இறக்கினாள். அவர் எல்லாவற்றையும் துடைத்துத் தின்றார். தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தார். மறுபடி தண்ணீர் குடித்தார்.

மழைக்காலம் தொடங்கியபோது அவர் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. பிறகு படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது. தலையணை அடுக்கி உட்கார்ந்தே தூங்கினார். ஒரு நாள் காலையில் உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் படகில் ஏற்றி ஆலப்புழைக்குக் கொண்டுபோனார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நீரை இறக்கினார்கள்.

டாக்டர் கேட்டார், "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாரா?"

"ஒரு நாள் விடல டாக்டர்."

"உப்பு?"

"அரை உப்புதான். நானே பாத்துப் பாத்துப் போடுறேன்."

லோனப்பன் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் கட்டிலில் பக்கவாதம் வந்து கிடந்த ஒரு கிழவர். காலையில் சிஸ்டர் லின்சி ஒரு தட்டோடு வந்தாள். பிரிஜித்தாவின் கண் தட்டிலிருந்த பாட்டிலில் போய் விழுந்தது. அதே இளஞ்சிவப்பு. சிஸ்டர் அதில் கொஞ்சத்தைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, துணியைச் சுற்றிய குச்சியை நனைத்து, பிழிந்து, கிழவரின் பல்லையும் கன்னத்தின் உள்பக்கத்தையும் மெதுவாகத் துடைத்தாள். வழிந்ததை உடனே குழாயால் உறிஞ்சி எடுத்தாள்.

"அவருக்குத் துப்ப வராது, முழுங்கிடுவாரு. அதான் இப்படி" என்றாள், பிரிஜித்தா பார்ப்பதைக் கவனித்து.

"இது நானும் வெச்சிருக்கேன் சிஸ்டர்."

"பல்லு எடுத்தீங்களா?"

"எடுத்தாச்சு. போன வருஷம்."

சிஸ்டர் குச்சியைத் தட்டில் வைத்தாள். "போன வருஷமா? இப்பவும் கொப்பளிக்கிறீங்களா? வாயத் திறங்க பாக்கலாம்."

பிரிஜித்தா முந்தானையை எடுக்க மாட்டேன் என்றாள். சிஸ்டர் அவள் கையை மெல்ல விலக்கிப் பார்த்தாள். பிறகு பாட்டிலைத் திருப்பி, அதன் மேலிருந்த சின்ன எழுத்துகளில் விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"இதுல உள்ள மருந்து பேரு குளோர்ஹெக்சிடின். நூத்துல புள்ளி ரெண்டு பங்குதான் இருக்கு, ஆனா வீரியமானது. கிருமியக் கொல்லும். துப்பினதுக்கு அப்புறமும் பல்லுலயும் தோலுலயும் மணிக்கணக்கா ஒட்டிக்கிட்டு நிக்கும், அதான் இதோட குணம். புண்ணு ஆறுற வரைக்கும் அது நல்லது. இந்தா பாருங்க, சம அளவு தண்ணி கலக்கணும்னு போட்டிருக்கு. முழுங்கக் கூடாதுன்னு போட்டிருக்கு, வயித்தப் புண்ணாக்கும். டாக்டர் சொல்லாம தொடர்ந்து உபயோகிக்கக் கூடாதுன்னு இந்தக் கடைசி வரி. மாசக்கணக்கா ஓட்டினா இப்படித்தான், சாயாக் கறை பல்லுல ஏறும், நாக்கு கறுக்கும், ருசி மங்கிடும். அதுலயும் உப்புதான் மொதல்ல தெரியாமப் போகும்."

"உப்பு" என்றாள் பிரிஜித்தா.

"பயப்படாதீங்க. நிறுத்திட்டா கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வந்துரும். கறையப் பல் டாக்டர் சுரண்டி எடுத்துருவாங்க. உங்க வாய்க்கு ஒண்ணும் இல்ல."

சிஸ்டர் ஆறுதலாகத்தான் சொன்னாள். பிரிஜித்தா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கள்ளுக்கடையில் சிரித்தவர்கள், எழுந்து போனவர், தலையைக் குனிந்துகொண்டு போன சத்யசீலன், எல்லாரும் உண்மையைத்தான் சொன்னார்கள் என்பது முதலில் மனதில் ஏறியது. அதற்குப் பின்னால் இன்னொன்று வருவதை அவள் வரவிடவில்லை. அவர்தான் சரியாக இருக்கிறது என்றாரே. அவர் நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லையே.

அவளுடைய பாட்டில் வீட்டு மாடத்திலேயே இருந்தது. கொப்பளிக்காமல் நாள்கள் போயின. கான்டீன் சாயாவில் ஒரு நாள் இனிப்பு தூக்கலாகத் தெரிந்தது. அடுத்து, பப்படத்தைக் கடித்தபோது நாக்கின் ஓரம் சுருக்கென்றது. லோனப்பனுக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடுதான், உப்பில்லாதது. தனக்கு மட்டும் கஞ்சி வாங்கிக்கொண்டாள். ஒரு மத்தியானம் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து அவருக்கென்று கொண்டுவந்த சம்மந்திப்பொடி பைக்குள் இருந்தது நினைவுக்கு வந்தது. ஒரு விரல் நுனியில் எடுத்து வாயில் வைத்தாள்.

துப்புவதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடல் தண்ணீரைக் குடித்தது போல இருந்தது. மிளகாய் எங்கே, தேங்காய் எங்கே, ஒன்றும் தெரியவில்லை, உப்புதான். இதைத்தான் அவர் நாள் தவறாமல், கஞ்சியில் பிசைந்து, துடைத்துத் தின்றார்.

ஜாடியோடு அவர் கட்டிலருகே போய் நின்றாள். அவர் விழித்திருந்தார். ஜாடியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏன் சொல்லல?" என்றாள்.

அவர் தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்காரப் பார்த்தார்.

"ஏன் மனுசா சொல்லல? ஒரு வார்த்தை. 'எடீ, உப்பு கூடுது'ன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாயில இருந்து முத்தா உதிர்ந்துரும்?"

"நீ கேட்ட" என்றார் லோனப்பன், மூச்சு வாங்கிக்கொண்டு. "சட்டியத் தூக்கிக்கிட்டு வந்து நின்னு கேட்ட. அப்ப உன் மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா? ஊரே சொல்லிருச்சு. நானும் சொல்லணுமா?"

"உனக்கு உப்பு ஆகாதுன்னு தெரியாதா?"

"தெரியும். கொஞ்சம் தண்ணி குடிச்சா சரியாப் போகும்னு நினைச்சேன்." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. "அப்புறம், நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு. நீ கொஞ்சம் தெளியட்டும்னு. நீ தெளியவே இல்ல."

"நான் என் வாய் நாறுதுன்னு இத்தன நாளும்..." என்று ஆரம்பித்தவள் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உன் வாயா?" அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "யாரு சொன்னா? என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல."

அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரே பாயில் படுத்து எழுந்தவர்கள்.

நீர் இறங்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரிஜித்தா வீட்டுக்கு வந்த முதல் காரியமாக அந்த ஜாடியைத் தென்னை மூட்டில் கொட்டினாள். மாடத்துப் பாட்டிலை வாய்க்கால் பக்கம் எடுத்துப் போனவள், மீன் இருக்கிற தண்ணீர் என்று நினைத்துத் திரும்பி வந்து குளியலறைச் சாக்கடையில் கவிழ்த்தாள். உப்பே போடாமல் சமைத்தாள். எலுமிச்சையும் மிளகும் பச்சைக் கொத்தமல்லியுமாக ஏதேதோ செய்து பார்த்தாள். அவர் மூஞ்சியைச் சுளித்துக் காட்டிவிட்டுத் தின்றார். அந்த நாள்கள் நன்றாக இருந்தன. ஆனால் நெஞ்சு திரும்பிப் பழைய நிலைக்கு வரவில்லை. ஓணம் கழிந்து, விதைப்புக்காக வயலில் தேங்கிய தண்ணீரை இறைத்து வெளியேற்றத் தொடங்கியிருந்த ஒரு காலையில், சாயா கேட்டுவிட்டு, அது வருவதற்குள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்ததும் பிரிஜித்தா டாக்டரைப் பார்க்கத் தனியாக ஆலப்புழைக்குப் போனாள். "உப்பாலதான் போனாரா?" என்று நேராகவே கேட்டாள்.

டாக்டர் கையிலிருந்த பேனாவை மூடினார். "ஏற்கெனவே பலவீனமான நெஞ்சு. அந்த வீக்கம் உப்பால வந்திருக்கலாம். அது இல்லேன்னா எத்தனை நாள் இருந்திருப்பாருன்னு என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது."

'இல்லை' என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். 'ஆமாம்' என்று சொல்லியிருந்தாலும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்து அழுதிருப்பாள். தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது பாதிரியார் அச்சன், அறியாமல் செய்தது பாவம் ஆகாது மகளே என்றார். அதுவும் அவளுக்குப் போதவில்லை. அறிந்திருக்க வழி இருந்ததே. பல் டாக்டர் வாய் திறந்து சொன்னாளே, பாட்டிலிலும் எழுதியிருந்ததே, மெடிக்கல் ஷாப்காரர் கேட்டாரே. பொய் சொன்னது அவள்தானே.

நாற்பதாம் நாள் சடங்குக்கு டோமியும் ஷைனியும் வந்திருந்தார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பிரிஜித்தா மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். குற்றம் சாட்டவில்லை, யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்றுதான். ஷைனி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"நானா அம்மச்சி? நான் அப்படியா சொன்னேன்?" அவள் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தாள். "எனக்கு ஞாபகமே இல்லையே. அப்ப உங்களுக்கு ஜலதோஷம் இருந்துச்சோ? சத்தியமா எனக்கு ஞாபகம் இல்ல."

அவள் நடிக்கவில்லை என்று பிரிஜித்தாவுக்குத் தெரிந்தது. அது இன்னும் கனமாக இருந்தது. அழுகிற மருமகளைத் தோளில் சாய்த்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் சத்யசீலன் வீடு தேடி வந்தார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்து, வெகுநேரம் லோனப்பனின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முஹம்மாப் பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள் என்றார். கடை காத்தாடுகிறது என்றார்.

"நான் அன்னைக்கு உங்களை என்னமோ பேசிட்டேன் மொதலாளி" என்றாள் பிரிஜித்தா.

"அதை விடுங்க சேச்சி. நாளைக்கு வரால் வருது."

அவள் போனாள். சட்டி கொதித்து எண்ணெய் மேலே மிதந்தபோது ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினாள். புளி புளியாக, காரம் காரமாக, உப்பு உப்பாக, எல்லாம் அதனதன் இடத்தில் தெரிந்தது. நாக்கு இவ்வளவு சரியாக இருப்பது அவளுக்கு ஏதோ துரோகம் போல இருந்தது. அடுப்பைத் தணித்துவிட்டு, புகை கண்ணில் பட்டதென்று சொல்லி வெளியே போய் முகம் கழுவினாள்.

முன்பக்கம் ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். பப்பு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு வாய் தின்று, ஒன்றும் சொல்லாமல் இன்னொரு வாய் தின்றான். அவனுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. "சேச்சி, இன்னும் கொஞ்சம் சாறு" என்று மட்டும் தட்டை நீட்டினான்.

அவள் ஊற்றினாள். வீட்டில் அவள் இப்போதெல்லாம் அடுப்பு மூட்டுவதில்லை. கடையிலேயே ஒரு வாய் தின்றுவிட்டு, கடைசிப் படகு போவதற்குள் கிளம்பிவிடுகிறாள்.